கிளைப் பட்டியலில் ஒரு வரி மாறினால்: VLOOKUP, மெர்ஜ், டேட்டா மாடல் மூன்றும் என்ன செய்கின்றன?

“அக்டோபர் மாசம் திருநெல்வேலி கணக்குல நாலு லட்சம் குறையுதே, என்ன சார் பண்ணீங்க?” என்று மண்டல மேலாளர் போனில் கேட்டார். அது 2020 ஜனவரி. நான் அக்டோபர் பில்களைத் தொடவே இல்லை. எக்செல் ஃபைலில் பில்களோடு இணைத்திருந்த கிளைப் பட்டியலில் ஒரே ஒரு செல்லைத்தான் மாற்றியிருந்தேன்.

2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டமானது. தென்காசிக் கிளையின் எண் 014. பட்டியலில் அதன் மாவட்டத்தை ‘திருநெல்வேலி’ என்பதிலிருந்து ‘தென்காசி’ என்று திருத்தி, ஃபைலை ரெஃப்ரெஷ் செய்தேன். அவ்வளவுதான். மாவட்டம் பிரிவதற்கு முன் போட்ட பில்களும் புது மாவட்டத்துக்குப் போய்விட்டன. ஏற்கெனவே தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிய அக்டோபர் அறிக்கையும், இப்போது அதே ஃபைல் காட்டும் அக்டோபரும் வேறு வேறாகிவிட்டன.

பட்டியலில் பழையதை அழித்துப் புதியதை எழுதினால் VLOOKUP, பவர் குவெரி மெர்ஜ், டேட்டா மாடல் என எதில் இணைத்திருந்தாலும் இதுதான் நடக்கும். எழுத்துப் பிழையைத் திருத்துவதற்கு அந்த முறை சரி. கிளை உண்மையிலேயே வேறு மாவட்டத்துக்குப் போயிருந்தால், பழைய வரியை வைத்துக்கொண்டு புது வரி ஒன்று சேர்க்க வேண்டும். மூன்று முறைகளும் வேறுபடுவது அங்கேதான்.

கணக்கை எளிதாக்க 014-இன் விற்பனையை இப்படி வைத்துக்கொள்வோம்: அக்டோபரில் 4,10,000 ரூபாய், நவம்பர் 21 வரை 2,80,000, அதன் பிறகு மாதக் கடைசி வரை 1,30,000, டிசம்பரில் 4,50,000. மொத்தம் 12,70,000. பட்டியலில் 014-க்கு இப்போது இரண்டு வரிகள்: மேலே திருநெல்வேலி, கீழே தென்காசி.

கடைசியில் FALSE போட்ட VLOOKUP மேலிருந்து தேடி முதலில் கிடைத்த வரியோடு நின்றுவிடும். XLOOKUP-உம் சும்மா விட்டால் அப்படியேதான். ஆகவே டிசம்பர் பில்லுக்கும் ‘திருநெல்வேலி’ என்றே வரும். மொத்தம் 12,70,000 என்று சரியாக இருக்கும், பிழைச் செய்தி எதுவும் வராது. தென்காசி மாவட்டம் அறிக்கையிலேயே இருக்காது. மூன்றில் எனக்குப் பயம் தருவது இதுதான், ஏனென்றால் மொத்தத்தைச் சரிபார்க்கிறவர் கண்ணுக்கும் இது தப்பிவிடும்.

பவர் குவெரியில் Left Outer மெர்ஜ் செய்து விரித்தால், பொருந்துகிற எல்லா வரிகளையும் அது கொண்டுவரும். 014-இன் ஒவ்வொரு பில்லும் இரண்டு முறை வந்து, 12,70,000 என்பது 25,40,000 ஆகிவிடும். இதுவும் சத்தமில்லாத தப்புதான். ஆனால் மெர்ஜுக்கு முன்னும் பின்னும் மொத்தத்தை ஒப்பிட்டால் உடனே தெரிந்துவிடும்.

டேட்டா மாடலில் கதை வேறு. கிளைப் பட்டியலை ‘ஒன்று’ பக்கமாக வைத்து உறவு போட்டிருந்தால், கிளை எண் இரண்டு முறை வந்ததும் ரெஃப்ரெஷே நின்றுவிடும். எந்த எண் இரட்டித்தது என்றும் செய்தியில் சொல்லும். மாதக் கடைசியில் அவசரமாக அறிக்கை எடுக்கும்போது இது எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனாலும் தப்பான எண் வெளியே போகாமல் தடுப்பது இது ஒன்றுதான்.

சரி, தேதி பார்த்துச் சரியான வரியை எடுக்க எதில் வசதி? முதலில் பட்டியலில் FromDate, ToDate என்று இரண்டு பத்திகள் வேண்டும். திருநெல்வேலி வரியின் FromDate கிளை திறந்த தேதி, ToDate 21-11-2019. தென்காசி வரியின் FromDate 22-11-2019, ToDate 31-12-2099. கடைசியை வெறுமையாக விடாமல் தூரத்துத் தேதி ஒன்று போட்டால் ஒப்பீடு சிக்கலில்லாமல் நடக்கும்.

XLOOKUP-இலும் இதைச் செய்யலாம். எண், FromDate, ToDate மூன்றையும் நிபந்தனையாகப் பெருக்கி 1-ஐத் தேடினால் போதும். சில நூறு வரிகளுக்கு நன்றாக ஓடும். பல்லாயிரம் பில் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் முழுப் பட்டியலையும் கணக்கிட வேண்டியிருப்பதால் ஃபைல் திணற ஆரம்பித்துவிடும். மாடல் உறவுக்குத் தேதி வரம்பே தெரியாது. அது ஒரு பத்தியை ஒரு பத்தியோடுதான் இணைக்கும்.

பவர் குவெரியில் இதற்கு ஒரே ஒரு படிதான் கூடுதல். கிளை எண்ணை வைத்து மெர்ஜ் செய்து, விரித்து, இரட்டித்த வரிகளில் தேதிக்குப் பொருந்துவதை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்:

```
= Table.SelectRows(#"Expanded Branch",
    each [BillDate] >= [FromDate] and [BillDate] <= [ToDate])
```

நம் கணக்கில் திருநெல்வேலிக்கு 6,90,000, தென்காசிக்கு 5,80,000. கூட்டினால் 12,70,000 சரியாக வந்துவிடும்.

இந்த வடிகட்டலில் ஒரு குழி இருக்கிறது. நேற்றுத் திறந்த 031 என்ற கிளை பட்டியலில் இன்னும் ஏறவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். Left Outer மெர்ஜ் அந்தப் பில்களை விடாது, FromDate இடத்தில் null போட்டு வைத்திருக்கும். அடுத்த படியில் null எந்தத் தேதியோடும் பொருந்தாததால் அந்தப் பில்கள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். VLOOKUP-ஆக இருந்தால் #N/A என்று முகத்தில் அடித்தமாதிரி சொல்லியிருக்கும். மாடலாக இருந்தால் பிவோட்டில் (blank) என்று ஒரு வரி நின்றிருக்கும். பட்டியலில் இல்லாததைக் காட்டுவதில் இந்த இரண்டும்தான் மேல். அதனால் பவர் குவெரியில் Left Anti வகை மெர்ஜ் ஒன்றைத் தனி குவெரியாக வைத்து, பட்டியலில் இல்லாத எண்களை ஒரு ஷீட்டில் இறக்கிவிடுகிறேன். தேதி இடைவெளியில் விழும் பில்களை அது பிடிக்காது. அவற்றுக்கு மொத்த ஒப்பீடுதான் துணை.

அப்புறம் 014-இன் முன்னால் இருக்கும் சுழியம். சிஎஸ்வி ஃபைலைப் பவர் குவெரி படிக்கும்போது Changed Type என்ற படியைத் தானே போட்டு, 014-ஐ 14 என்ற எண்ணாக்கிவிடும். கிளைப் பட்டியலில் அது எழுத்தாக இருந்தால் மெர்ஜ் பெட்டியே இரண்டு பத்திகளும் ஒரே வகையில் இல்லை என்று தடுக்கும். அங்கே அவசரப்பட்டு அதற்கு மேல் இன்னொரு படி போட்டு எழுத்தாக்கினால் ‘14’ தான் கிடைக்கும்; போன சுழியம் திரும்பாது. அந்த Changed Type படிக்குள்ளேயே வகையை Text என்று மாற்ற வேண்டும். VLOOKUP-இலும் இதே சிக்கல் #N/A-வாக வரும்.

என் தேர்வு இது: தேதி பார்த்து இணைக்கும் வேலை பவர் குவெரியில். ஒருமுறை பார்த்துத் தூக்கிப்போடும் ஃபைலுக்கு மட்டும் XLOOKUP. ஒரே கிளைப் பட்டியலை விற்பனை, இருப்பு, இலக்கு என்று பல அட்டவணைகள் பயன்படுத்தினால் மாடல். அப்போது பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் 014-1, 014-2 என்று தனிச் சாவி கொடுத்து, பவர் குவெரியில் தேதி பார்த்து அந்தச் சாவியை அந்த அட்டவணைகள் ஒவ்வொன்றிலும் ஏற்றிவிட்டால், மாடல் இரட்டிப்பு என்று நிற்காது.

மண்டல மேலாளர் விஷயத்தில் இன்னொன்றும் புரிந்தது. அவர் கேட்டது அன்றைய மாவட்டக் கணக்கு. விற்பனைப் பிரிவுக்கோ, போன ஆண்டோடு ஒப்பிட, 014 முழுவதும் தென்காசியிலேயே இருக்க வேண்டும். இரண்டும் நியாயமான கேள்விகள். இப்போது என் அட்டவணையில் ‘அன்றைய மாவட்டம்’, ‘இன்றைய மாவட்டம்’ என்று இரண்டு பத்திகள் இருக்கின்றன. இரண்டாவதை நிரப்புவதற்கு ToDate 31-12-2099 உள்ள வரிகளை மட்டும் வடிகட்டி, தேதி பார்க்காமல் இன்னொரு மெர்ஜ் செய்தால் முடிந்தது.