விரலா, செயலியா, பொருளடக்கமா? ஒரே புத்தகம், மூன்று வேக வழிகள்

300 பக்க ஆங்கிலக் கட்டுரை நூல் ஒன்றைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். பக்கத்துக்கு 300 சொல் வீதம் மொத்தம் 90,000 சொல். மார்க் பிரைஸ்பார்ட் என்ற உளவியலாளர் 190 ஆய்வுகளைத் திரட்டி 2019இல் வெளியிட்ட கணக்குப்படி, பெரியவர்கள் இந்த வகை நூலை மனதுக்குள் வாசிக்கும் சராசரி வேகம் நிமிடத்துக்கு 238 சொல். அப்படியானால் இந்த நூலுக்கு நடுவில் எழுந்திருக்காமல் ஆறே கால் மணி நேரம் வேண்டும்.

இந்த ஆறே கால் மணியைக் குறைத்துத் தருவதாக மூன்று வழிகள் போட்டி போடுகின்றன. விரலை ஓட்டி வாசிப்பது ஒன்று. ஒவ்வொரு சொல்லாகத் திரையில் மின்னவிடும் செயலி இன்னொன்று. பொருளடக்கத்தில் தொடங்கி, எதை வாசிப்பது, எதை விடுவது என்று பிரித்துக்கொள்வது மூன்றாவது. முதல் இரண்டும் கண்ணைத் துரிதப்படுத்தப் பார்க்கின்றன. மூன்றாவது கண்ணை அதன் போக்கில் விட்டுவிட்டு, வாசிக்கவேண்டிய பக்கங்களைக் குறைக்கிறது.

விரல் ஓட்டம்

இதைப் பெரிய வியாபாரமாக்கியவர் அமெரிக்கப் பள்ளி ஆசிரியை எவ்லின் உட். 1959இல் வாஷிங்டனில் வகுப்பு தொடங்கினார். பின்னாளில் அதிபர் ஜிம்மி கார்ட்டரே அந்தப் பயிற்சியை எடுத்துக்கொண்டார். விரலைப் பக்கத்தின் மேல் ஓட்டி, கண்ணை அதன் பின்னால் செலுத்தவேண்டும். பழகப் பழகப் பல வரிகளை ஒரே பார்வையில் அள்ளலாம், நிமிடத்துக்கு ஆயிரம் சொல்லுக்கு மேல் போகலாம் என்பது வாக்குறுதி.

இங்கே கண்ணின் அமைப்பு குறுக்கே நிற்கிறது. வாசிக்கும்போது கண் வழுக்கிக்கொண்டு போவதில்லை. ஓரிடத்தில் கால் விநாடி அளவு நின்று, அடுத்த இடத்துக்குத் தாவுகிறது. நிற்கும் இடத்தில் கூர்மையாகத் தெரியும் வட்டம் மிகச் சிறியது. ஆங்கில வாசிப்பில் பார்வைப் புள்ளிக்கு வலப்பக்கம் ஏழெட்டு எழுத்து வரைதான் சொல்லை அடையாளம் காண முடியும். அதையும் தாண்டி 15 எழுத்து வரை சொல்லின் நீளம் போன்ற மங்கலான தகவல் மட்டும் கிடைக்கும். கீழ் வரிகளிலிருந்து உருப்படியாக எதுவும் வராது. சோதிக்க ஆய்வகம் வேண்டாம். இந்தப் பத்தியின் நடுவில் ஒரு சொல்லைப் பிடித்துக் கண்ணை அசைக்காமல் நிறுத்துங்கள். அதற்கு இரண்டு வரி கீழே இருக்கும் சொல் எது என்று பாருங்கள். அங்கே ஏதோ இருக்கிறது என்பது தெரியும், என்ன என்பது தெரியாது.

அப்படியென்றால் பயிற்சி முடித்தவர்கள் என்னதான் செய்கிறார்கள்? ஜஸ்ட், கார்ப்பென்டர், மேசன் என்ற ஆய்வாளர்கள் இவர்களைச் சாதாரண வாசகர்களோடும், பயிற்சியே இல்லாமல் ‘மேலோட்டமாகப் புரட்டுங்கள்’ என்று மட்டும் சொல்லப்பட்டவர்களோடும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பயின்றவர்களும் புரட்டியவர்களும் ஏறக்குறைய ஒரே வேகத்தில், நிமிடத்துக்கு 600–700 சொல்லில் போனார்கள். எளிய கட்டுரையின் சாரத்தைச் சொல்வதில் பயின்றவர்களுக்குச் சிறிது கூடுதல் மதிப்பெண். நுணுக்கமான கேள்விகளிலும் கடினமான கட்டுரையிலும் அந்தக் கூடுதலும் போய்விட்டது. நிதானமாக வாசித்தவர்கள் இரு கூட்டத்தையும்விடத் தெளிவாகப் பதில் சொன்னார்கள். ஆகக் கட்டணம் வாங்கிக்கொண்டு கற்றுத்தரப்படுவது ஒழுங்காகப் புரட்டுவது எப்படி என்பதுதான். அது பயனுள்ள திறமைதான், விளம்பரத்தில் அதற்கு வேறு பெயர் வைத்துவிடுகிறார்கள்.

விரலை மட்டும் குறை சொல்ல வேண்டாம். கவனம் சிதறி ஒரே வரியை மூன்று முறை பார்ப்பவருக்கு விரலோ பென்சிலோ வரியைப் பிடித்துக்கொடுக்கும். வரிக்கு இரண்டு விநாடி என்ற அளவில் ஓட்டினால் போதும். பத்துச் சொல் வரியில் அது நிமிடத்துக்கு 300 சொல். ஒரு விநாடிக்குக் குறைத்தால் 600. அங்கே விரல் போகும், கண் போகும், பொருள் பின்தங்கிவிடும்.

மின்னும் செயலி

2014இல் ஸ்பிரிட்ஸ் என்ற செயலி பரபரப்பாகப் பேசப்பட்டது. திரையில் ஒரே இடத்தில் சொற்கள் ஒவ்வொன்றாக மின்னும், நடுவில் ஓர் எழுத்து சிவப்பாக இருக்கும். கண்ணை நகர்த்தும் நேரம் மிச்சம் என்பது அதன் வாதம். கணக்குப் போட்டால் வாதம் நிற்காது. கண் நிற்பது 250 மில்லிவிநாடி என்றால், தாவுவதற்கு ஆவது 30 மில்லிவிநாடிக்குள். முழுதாக ஒழித்தாலும் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். தாவும் நேரத்திலும் மூளை சும்மா இருப்பதில்லை, முன் சொல்லை அசைபோட்டுக்கொண்டே இருக்கிறது.

இதைவிடப் பெரிய இழப்பு, திரும்பிப் பார்க்க முடியாமல் போவது. நன்றாக வாசிப்பவர்களின் கண்கூடப் பத்துத் தாவலுக்கு ஒன்று என்ற அளவில் பின்னோக்கிப் போகிறது. வேக வாசிப்பு வகுப்புகளில் இது கெட்ட பழக்கம். ஏன் கெட்ட பழக்கம் இல்லை என்பதற்கு ஒரு தமிழ் வாக்கியம்: ‘ஆசிரியர் கண்ணனை அடித்த மாணவனைத் திட்டினார்.’ ‘ஆசிரியர் கண்ணனை அடித்த’ என்பது வரை வரும்போது அடித்தவர் ஆசிரியர் என்றே மனம் எடுத்துக்கொள்கிறது. ‘மாணவனை’ வந்ததும் படம் கவிழ்கிறது, கண் சட்டென்று பின்னால் போய்ச் சரிசெய்துகொள்கிறது. செயலியில் அந்த நேரம் ‘திட்டினார்’ வந்து போயே போய்விடும், அடுத்த வாக்கியம் தொடங்கியிருக்கும். ஷாட்டர், டிரான், ரெய்னர் மூவரும் 2014இல் ஆங்கில வாக்கியங்களை வைத்து இதைச் சோதித்தார்கள். வாசித்து முடித்த சொற்கள் மறைந்துவிடும்படி செய்ததும், குழப்பமான வாக்கியங்களில் மட்டுமல்ல, தெளிவான வாக்கியங்களிலும் புரிதல் இறங்கியது.

மனதுக்குள் உச்சரிப்பதை நிறுத்தச் சொல்லும் அறிவுரையும் இதே ரகம். தொண்டைத் தசை அசைந்தால் ஒலி எழுப்பும் கருவியைப் பொருத்தி, உச்சரிப்பை அடக்கப் பழக்கிய சோதனைகள் 1960களிலேயே நடந்தன. அடக்க முடிந்தது. ஆனால் ஹார்டிக், பெட்ரினோவிச் இருவரின் 1970ஆம் ஆண்டு ஆய்வில், எளிய பாடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, கடினமான பாடத்தில் புரிதல் குறைந்தது. வாக்கியத்தின் தலையை, வால் வந்து சேரும்வரை பிடித்து வைத்திருப்பது அந்த உட்குரல். வினைமுற்று கடைசியில் வரும் தமிழுக்கு அதை இழப்பது நல்லதில்லை என்பது என் எண்ணம்.

செயலிக்கு ஓர் இடம் உண்டு. கைக்கடிகாரம் போன்ற சிறு திரையில் இரண்டு வரிச் செய்தியைப் பார்க்கலாம். புத்தகத்துக்கு வேண்டாம்.

பொருளடக்க வழி

மார்ட்டிமர் அட்லர் 1940இல் எழுதி, 1972இல் சார்லஸ் வான் டோரனோடு சேர்ந்து திருத்திய ‘ஹவ் டு ரீட் எ புக்’ நூலும் விரலை ஓட்டச் சொல்கிறது. ஆனால் அதன் மையம் வேறு. நூலை முதலில் சோதனையிடு, பிறகு எது எந்த வேகத்துக்குத் தகுதி என்று முடிவுசெய் என்கிறது.

நம் 300 பக்க நூலில் பன்னிரண்டு அத்தியாயம் என்று வைத்துக்கொள்வோம். முன்னுரைக்குப் பத்து நிமிடம். ஆசிரியர் எந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறார் என்பதை ஒரே வாக்கியத்தில் தாளில் எழுதவேண்டும். எழுத வரவில்லையென்றால் முன்னுரை இன்னும் புரியவில்லை. பொருளடக்கத்துக்கு ஐந்து நிமிடம். பின்பக்கச் சொல்லடைவில் எந்தச் சொற்களுக்கு எதிரே பக்க எண்கள் நீளமாக அடுக்கியிருக்கின்றன என்று பார்க்க இன்னோர் ஐந்து, அவைதான் நூலின் தூண்கள். ஒவ்வோர் அத்தியாயத்தின் முதல் பத்தி, கடைசிப் பத்தி, கூடவே நூலின் இறுதி இரண்டு பக்கங்கள், இதற்கு 25 நிமிடம். முக்கால் மணியில் நூலின் வரைபடம் கைக்கு வந்துவிடும்.

தமிழ் நூல்களில் இங்கே ஒரு சிக்கல். நிறைய நூல்களில் சொல்லடைவு கிடையாது, அத்தியாயத் தலைப்புகளோ கவிதையாக இருக்கும். ‘நதியின் நிழல்’ என்ற தலைப்பில் நீர்ப்பாசன வரி பற்றிய வாதம் ஒளிந்திருக்கலாம். அங்கே முதல் இரண்டு பக்கங்களைப் பார்க்காமல் முடிவுசெய்யக் கூடாது.

பிறகு பிரிப்பு. வாதம் நிற்பது நான்கு அத்தியாயத்தில் என்றால், அந்த 30,000 சொல்லை இயல்பான வேகத்தில் வாசிக்க இரண்டு மணி ஆறு நிமிடம். உதாரணங்களை அடுக்கும் மூன்று அத்தியாயங்களில் பத்திகளின் முதல் வாக்கியம் மட்டும், அரை மணி. மீதி ஐந்தைத் தொடவேண்டாம். முழுதாக வாசித்த ஒவ்வோர் அத்தியாயத்துக்குப் பிறகும் நூலை மூடிவைத்து, நினைவில் இருப்பதை ஐந்து நிமிடம் எழுதினால் இருபது நிமிடம். வரைபடத்துக்கான முக்கால் மணியையும் சேர்த்தால் மொத்தம் மூன்றே முக்கால் மணிக்குச் சற்றுக் குறைவு. 600 சொல் வேகத்தில் விரலை ஓட்டினால் இரண்டரை மணியில் முடியும், ஆனால் கடினமான அத்தியாயமும் உதாரணக் கதையும் ஒரே கதியில் தேய்க்கப்பட்டிருக்கும்.

அந்த ஐந்து நிமிட எழுத்தைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். ரோடிகர், கார்ப்பிக் 2006இல் செய்த சோதனையில், பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 40 சதவீதம் நினைவிருந்தது. ஒருமுறை வாசித்து, மூன்று முறை பார்க்காமல் எழுதியவர்களுக்கு 61 சதவீதம்.

இந்த வழியும் தோற்கும் இடங்கள் உண்டு. நாவலில் செல்லாது. ஒப்பந்தப் பத்திரத்தில் ஆபத்து, விட்ட வரியில்தான் நிபந்தனை இருக்கும். துறையே புதிது என்றால், எந்த அத்தியாயம் முக்கியம் என்று கணிக்கவே முடியாது. அந்த நிலையில் அட்லர் சொல்வது, புரியாத இடத்தில் நிற்காமல் முதலில் ஒரு தடவை முழுதாக ஓடிவிடு, பிறகு திரும்பி வா என்பது.

ஆங்கில நூலில் தமிழ் வாசகருக்கு வரும் தடை பல சமயம் சொல்வளம். துணையின்றி வசதியாகப் புரிய 98 சதவீதச் சொற்கள் தெரிந்திருக்கவேண்டும் என்பது ஹூ, நேஷன் இருவரின் 2000ஆம் ஆண்டு முடிவு. 300 சொல் பக்கத்தில் தெரியாத சொல் ஆறுக்கு மேல் போனால் விரலும் செயலியும் உதவாது, அதே துறையில் எளிய நூல் ஒன்றை முதலில் முடிப்பதே குறுக்குவழி.

வேகத்தை எப்படி அளப்பது

தமிழ் நூலை வாசித்து, ஆங்கிலத்தின் 238ஐ எட்டவில்லையே என்று வருந்தவேண்டாம். ‘போய்க்கொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்பது நமக்கு ஒரு சொல். தமிழைப் போலவே சொல்லோடு விகுதிகளை ஒட்டும் ஃபின்னிஷ் மொழியில், உரக்க வாசிக்கும் சராசரி நிமிடத்துக்கு 161 சொல், ஆங்கிலத்தில் 228. இது 2012இல் 17 மொழிகளை ஒப்பிட்ட ஆய்வில் கிடைத்தது. தமிழுக்குச் சொல் எண்ணிக்கையை விடுத்துப் பக்கக் கணக்கு வைத்துக்கொள்வதே மேல்.

வகுப்புகளின் ‘புரிதல் சதவீதம்’ ஏமாற்றும் விதமும் தெரிந்திருக்கவேண்டும். 1965இல் எவ்லின் உட் வகுப்பு முடித்தவர்களைச் சோதித்ததில், கட்டுரைப் பாடத்தில் அவர்களுக்கு 68 சதவீதம் வந்தது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ரொனால்ட் கார்வர் அதே வினாத்தாளைப் பாடத்தையே பார்க்காதவர்களிடம் கொடுத்தார். அவர்களுக்கு 57 வந்தது.

ஆகவே வீட்டில் சோதிப்பதானால், ஒரே நூலின் ஒத்த கடினமுள்ள மூன்று அத்தியாயங்களுக்கு நண்பர் ஒருவர் பத்துப் பத்துக் கேள்வி எழுதட்டும், விடைத் தெரிவுகள் இல்லாமல். ஒன்றை வாசிக்காமலே பதிலெழுதுங்கள், ஒன்றை இயல்பான வேகத்தில், ஒன்றை விரலோட்டத்தில். முதல் தாளில் மூன்றும் விரல் தாளில் நான்கும் வந்தால், விரல் தந்தது ஒரே ஒரு மதிப்பெண்.