முடிவு மட்டும் நினைவிருக்கும் தொடரைத் தேடுவது: நான்கு வருட அனுபவம்

தொடரின் பெயர் மறந்திருக்கும், ஆட்களின் பெயர் மறந்திருக்கும், கடைசித் திருப்பம் மட்டும் பளிச்சென்று நிற்கும். வீட்டில் யார் இப்படிக் கேட்டாலும் நான்கு வருடமாக நான்தான் தேடிக் கொடுக்கிறேன். இப்போது ஒரு பழக்கத்தை விடுவதே இல்லை: அவர்கள் சொன்னதில் ஒரு சின்ன விவரத்தைத் தேடலில் போடாமல் ஒதுக்கி வைப்பேன்.

அண்ணி கேட்ட தொடரையே எடுத்துக்கொள்ளுங்கள். “ஒரு போலீஸ்காரர் கார் மோதி 1973-இல் கண் விழிப்பார். கடைசியில் எல்லாம் கனவு. வெள்ளை ஷூ ஒன்று தரையில் படுவதோடு முடியும்” என்றார். இதில் ‘கனவு’ என்பது அண்ணி புரிந்துகொண்டது, கண்ணால் பார்த்தது அல்ல. அந்தச் சொல்லை வைத்துத் தேடினால் ஏகப்பட்ட தொடர்கள் வந்து நிற்கும். “கனவு என்று எப்படித் தெரிந்தது, எங்கே கண் விழித்தார்?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, “ராக்கெட் மாதிரி ஒன்றுக்குள்ளே, தம்பி. ஸ்டேஷனில் இருந்தவர்களே அங்கேயும் இருந்தார்கள்” என்றார்.

ஷூவை ஒதுக்கிவிட்டு இப்படித் தேடினேன்:

```
cop wakes up in 1973 finale spaceship
```

‘லைஃப் ஆன் மார்ஸ்’ என்று பெயர் கிடைத்தது. ஆனால் அந்தப் பெயரில் ஒன்றுக்கு மேல் உண்டு. 2006-இல் தொடங்கிய பிரிட்டிஷ் தொடரில் நாயகன் நிகழ்காலத்துக்குத் திரும்பிவிடுவான்; அங்கே மனம் ஒட்டாமல், மீண்டும் 1973-க்குப் போக மாடியிலிருந்து குதிப்பான். அதில் ராக்கெட் கிடையாது. முதல் வருடமாக இருந்தால் அதன் போஸ்டரைக் காட்டி “இதுதானே?” என்று கேட்டிருப்பேன். முகத்தைப் பார்த்ததும் பலரும் ஆமாம் என்றுவிடுவார்கள், அப்புறம் அந்த முகமே நினைவிலும் ஒட்டிக்கொள்ளும்.

விமர்சனங்கள் இந்த வேலைக்கு உதவுவதில்லை, முடிவை மறைத்துத்தான் எழுதுவார்கள். விக்கிப்பீடியாவின் கதைச்சுருக்கமும் கடைசி எபிசோடைப் பற்றிய பதிவுகளும்தான் கைகொடுக்கும். அங்கே 2008-09-இல் வந்த அமெரிக்கப் பதிப்பின் முடிவு இருந்தது: வருடம் 2035, செவ்வாய்க்குப் போகும் விண்கலம், நீண்ட தூக்கத்தில் கணினி ஊட்டிய கனவுதான் 1973. ராக்கெட் பொருந்தியது. இன்னும் கீழே படித்தேன். கடைசிக் காட்சியில் செவ்வாய் மண்ணில் படுவது ஒரு வெள்ளை ஷூ. நான் தேடாத விவரம் தானாக வந்து நின்றதும்தான் அண்ணிக்குப் பெயரைச் சொன்னேன்.

ஒன்று கவனியுங்கள். பார்த்தவர் ‘முடிவு’ என்று நினைப்பது ஒரு சீசனின் முடிவாக மட்டும் இருக்கலாம். அதனால் கடைசி எபிசோடோடு நிறுத்தாமல் ஒவ்வொரு சீசனின் கடைசியையும் பார்த்துவிடுகிறேன்.

சித்தப்பா கேட்டது மட்டும் ஒரு வருடமாக அப்படியே இருக்கிறது. கலங்கரை விளக்கம் அணைவதோடு தொடர் முடிந்தது என்கிறார், வேறு எதுவும் நினைவில்லை. அதையும் தேடலில் போட்டுவிட்டால் சரிபார்க்க என்னிடம் எதுவும் மிஞ்சாது. இன்னொரு விவரம் நினைவுக்கு வருகிறதா என்று பார்க்கும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.