வேர்ப்பகுதிக்கு மட்டும் டை: பட்டை விழாமல் பூசப் பழகிய ஆறு ஆண்டுகள்

நரை மறைப்பதற்காக அடர் பழுப்பு நிற கிரீம் டையை ஆறு ஆண்டுகளாக வீட்டிலேயே, ஐந்து வாரங்களுக்கு ஒரு முறை, வேர்ப்பகுதிக்கு மட்டும் பூசி வருகிறேன். முதல் இரண்டு ஆண்டுகள் நான் நன்றாகப் பூசுவதாகவே நினைத்திருந்தேன். ஒருநாள் மொட்டை மாடியில் தலை உலர்த்திக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்ற என் மகள், "அம்மா, உங்கள் முடியில் வரிவரியாக இருக்கிறதே" என்றாள். குளியலறை விளக்கில் ஒரே நிறமாகத் தெரிந்த முடியில், வெயில் பட்டதும் பழுப்புக்கு நடுவே கறுப்புப் பட்டைகள் தெரிந்தன.

அப்பட்டைகளுக்கு இடையே ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி இருந்தது. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வளர்வதால், அந்த இடைவெளி ஐந்து வார வளர்ச்சியாகும் என்பதும், ஒவ்வொரு பட்டையும் ஒவ்வொரு முறை நான் செய்த ஒரே தவறின் பதிவு என்பதும் புரிந்தன. புதிதாக வளர்ந்த நரையைத் தாண்டி, ஏற்கெனவே டை ஏறிய முடியின் மேலும் அரை சென்டிமீட்டர் அளவுக்குப் பூசிக்கொண்டே வந்திருக்கிறேன். ஒரு முறை டை ஏறிய முடியின் மேற்பரப்பு சற்றுத் திறந்து, நிறத்தை எளிதில் உறிஞ்சும் தன்மையைப் பெற்றுவிடுகிறது. அதன் மேல் அதே நிறம் மீண்டும் ஏறினால் அது கறுத்துவிடும். இதைவிட வெளிர் நிறம் பூசி அதைச் சரிசெய்யவும் முடியாது, ஏனெனில் டையால் முன்பு ஏறிய டையை வெளுக்க இயலாது.

அன்றிலிருந்து பிரஷைப் பிடிக்கும் முறையை மாற்றிக்கொண்டேன். முடியை நான்கு பகுதிகளாகப் பிரித்துக் கிளிப் போட்டு, ஒவ்வொரு பகுதியிலும் அரை சென்டிமீட்டர் இடைவெளியில் வகிடு எடுக்கிறேன். வகிடு இதைவிட அகலமானால் உள்ளே இருக்கும் நரைக்கு டை எட்டுவதில்லை. பிரஷின் நுனியில் கொஞ்சமாக எடுத்து, பழைய நிறம் தொடங்கும் இடத்துக்கு இரண்டு மில்லிமீட்டர் முன்பே நிறுத்திவிடுகிறேன். அடுத்த முடிக்கற்றையை மேலே படியவிடும்போது கிரீம் தானாகவே அந்த இரண்டு மில்லிமீட்டருக்குப் பரவிவிடும். என் அனுபவத்தில் பட்டையைத் தடுப்பதில் பாதிப் பங்கு இந்த நிறுத்தத்துக்கே உண்டு. பூசத் தொடங்குமுன் பழைய நிறம் உள்ள முடியில், எல்லையை ஒட்டி மெல்லியதாகக் கண்டிஷனர் தடவிவிடுவதால், தவறிப் படும் டையும் அவ்வளவாக ஏறுவதில்லை. கண்டிஷனர் நரையின் மேல் பட்டுவிட்டால் அங்கே நிறம் பிடிக்காது என்பதால், இதை அவசரமாகச் செய்யக் கூடாது.

அதிகம் விலகி நிறுத்தினால் நேர்எதிரான குறை வரும்: பழைய நிறத்துக்கும் புதிய நிறத்துக்கும் நடுவே வெண்மையான ஒரு வளையம் விட்டுப்போகும். என் பின்தலையில் ஓராண்டு இதுதான் நடந்தது. கைக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒரு கையால் பூசுவது எனக்குக் கைகூடவே இல்லை. இப்போது பின்பகுதியை மகளிடம் ஒப்படைத்துவிட்டேன். (அவள் என்னைவிட வேகமாகவும் பூசுகிறாள் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.) கறுப்புப் பட்டை தெரிந்தால் டை மேலேறிவிட்டது, வெளிர் வளையம் தெரிந்தால் இடைவெளி விட்டுவிட்டது என்று பிரித்தறிந்துகொண்டால், அடுத்த முறை எந்தப் பக்கம் திருத்த வேண்டும் என்பதில் குழப்பமிராது.

முடியின் கீழ்ப்பகுதி மங்கியிருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் கடைசியில் டையைக் கீழே வரை சீவி இழுக்கும் பழக்கத்தையும் நிறுத்தினேன். மங்கல் வெயிலில் வெளிப்படையாகத் தெரியும்போது மட்டும், அதாவது ஆண்டுக்கு இரண்டு முறை, அலசுவதற்கு இரண்டு நிமிடம் முன்பு சிறிது தண்ணீர் தொட்டுக் கலக்கிக் கீழே இழுத்துவிடுகிறேன். மாதந்தோறும் இழுத்துக்கொண்டிருந்த காலத்தில் என் முடியின் நுனி ஏறக்குறையக் கறுப்பாகவே ஆகியிருந்தது.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. தலைத்தோலை ஒட்டிய ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் பகுதியில் உடற்சூட்டினால் டை வேகமாக வேலை செய்யும். ஐந்து வார வளர்ச்சி பெரும்பாலும் அந்தச் சூட்டுக்குள்ளேயே அடங்கிவிடுவதால் நிறம் ஒரே சீராக வருகிறது. ஒரு முறை உடல்நலக் குறைவால் மூன்று மாதங்கள் தள்ளிப்போனபோது நான் வழக்கம்போலவே பூசியதில், வேரை ஒட்டி ஒரு நிறமும் அதற்குக் கீழே வேறொரு நிறமுமாகப் புதிதாக ஒரு பட்டை விழுந்தது. வளர்ச்சி அவ்வளவு நீண்டிருந்தால், தலையிலிருந்து விலகியிருக்கும் பகுதிக்கு முதலில் பூசி, சுமார் பத்து நிமிடம் கழித்து வேரை ஒட்டிய பகுதிக்குப் பூசி, இரண்டையும் ஒன்றாக அலச வேண்டும்.