ஸ்போக் சாவியோடு சில வருடங்கள்: கோட்டம் கம்பியிலா, ரிம்மிலா?

வீட்டுச் சைக்கிள்களின் வீல்களுக்கு நானே கோட்டம் எடுக்க ஆரம்பித்துச் சில வருடங்கள் ஆகின்றன. முதலில் வாங்கியது வட்டமாக, ஓரம் முழுக்க வெவ்வேறு அளவில் வெட்டு இருக்கும் ஸ்போக் சாவி. ஸ்போக் கம்பியை ரிம்மோடு இணைக்கும் சின்ன நட்டுதான் நிப்பிள்; எல்லா நிப்பிளுக்கும் ஒரே சாவி போதும் என்று பார்த்தால் வசதியாகத்தான் இருந்தது. ஆனால் கொஞ்சம் பெரிய வெட்டை மாட்டித் திருகினாலும் அது சுற்றிவிடும், சுற்றும்போதே நிப்பிளின் மூலைகளைத் தேய்த்துவிடும். மூலை தேய்ந்த நிப்பிளை அதன் பிறகு எந்தச் சாவியாலும் பிடிக்க முடியாது, மாற்றத்தான் வேண்டும். இப்போது நான் பயன்படுத்துவது ஒரே அளவுக்கென்று செய்த சிறிய சாவி. நிப்பிளின் சதுரத்தில் மூன்று பக்கமும் நான்காவதில் பாதியும் பிடித்துக்கொள்ளும். பரவலாகக் கிடைக்கும் அளவுகள் 3.23, 3.30, 3.45 மில்லிமீட்டர். வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது, கைக்கு நன்றாகத் தெரியும். ஆட்டம் இல்லாமல், லேசாக அழுத்தினால்தான் உட்காரும் சாவி எதுவோ அதுதான் சரியான அளவு. இரண்டு சாவிகள் மாட்டும்போல் இருந்தால் சின்னதை எடுங்கள்.

சாவி பற்றிச் சொல்ல இவ்வளவுதான். இத்தனை நாளில் நான் அதிகம் கற்றுக்கொண்டது திருகுவதைப் பற்றி அல்ல, திருகுவதற்கு முன்னால் கம்பிகளைத் தொட்டுப் பார்ப்பதைப் பற்றி. வீல் பக்கவாட்டில் ஆடுகிறது என்றால் காரணம் இரண்டில் ஒன்று: கம்பி தளர்ந்திருக்கிறது, அல்லது ரிம்மே நெளிந்திருக்கிறது. சுற்றிப் பார்க்கும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். எது என்று கம்பியின் இறுக்கம் சொல்லிவிடும்.

அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. ஆடுவது ரிம்மா, டயரா? டயர் ஓரிடத்தில் ரிம்மில் சரியாக உட்காராவிட்டாலும் வீல் ஆடுவது போலவே தெரியும். ஆகவே பார்வையை டயரில் வைக்காமல் ரிம்மின் ஓரத்தில் வைக்க வேண்டும். அப்புறம் ரிம்மைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். முழு வீலும் கடகடவென்று ஆடினால் வீலின் நடுவில் இருக்கும் ஹப்பில், பேரிங்கைப் பிடித்துவைக்கும் கோன் தளர்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் கம்பியைத் தொட்டால் வேலை வீண்.

கம்பிகளின் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹப்பின் இரண்டு பக்கத் தட்டுகளிலிருந்தும் மாறி மாறிக் கம்பிகள் ரிம்முக்கு வருகின்றன. ஒரு பக்கத்துக் கம்பி ரிம்மைத் தன் பக்கம் இழுக்கும், பக்கத்தில் இருப்பது எதிர்ப்பக்கம் இழுக்கும். இரண்டும் சமமாக இருக்கும் வரை ரிம் நடுவில் நிற்கும். கயிறிழுக்கும் போட்டியில் ஒரு அணி கையைத் தளர்த்தினால் மற்ற அணி பக்கம் போய்விடுவது போலத்தான் வீலும்.

ஒரு பின்வீலை எப்படிச் சரிசெய்தேன் என்று சொல்கிறேன். 36 கம்பி, ரிம் பிரேக். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை செயின் இல்லாத பக்கத்துப் பிரேக் கட்டையில் உரசிக்கொண்டிருந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஃபிரேமில் ஒரு பிளாஸ்டிக் டையைக் கட்டி, அதன் நுனியை ரிம்முக்கு அருகில் வரும்படி வெட்டிவிட்டேன். வீலை மெதுவாகச் சுற்றினால் நுனி எங்கே தொடுகிறது, எங்கே விலகுகிறது என்று துல்லியமாகத் தெரியும். தொட்ட இடத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் சாக்பீஸால் கோடு போட்டேன். ஐந்தாறு கம்பி அகலத்துக்கு, நடுவில் ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் விலகல்.

இப்போது சாவியை எடுக்கவில்லை. கோட்டுக்கு நடுவில் இருந்த கம்பிகளை ஒவ்வொன்றாக விரல் நகத்தால் சுண்டினேன். செயின் பக்கக் கம்பிகளைச் செயின் பக்கக் கம்பிகளோடு மட்டும்தான் ஒப்பிட வேண்டும். கியர் சைக்கிளின் பின்வீலில் அந்தப் பக்கம் இயல்பிலேயே அதிக இறுக்கமாக இருக்கும், மறுபக்கம் தளர்வாகத்தான் ஒலிக்கும், அது குறை இல்லை. மற்ற செயின் பக்கக் கம்பிகள் எல்லாம் 'ணிங்' என்று சொல்ல, கோட்டுக்குள் இருந்த இரண்டு மட்டும் 'டப்' என்று செத்த ஒலி கொடுத்தன. விரலால் அழுத்தினால் வளைந்தன. ரிம் போனது ஒரு பக்கம், தளர்ந்த கம்பிகள் எதிர்ப்பக்கம். இது கம்பியின் கோளாறு, ரிம் நன்றாக இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் கிடையாது.

நிப்பிளின் அடியில் ஆளுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் கொஞ்ச நேரம் ஊறவிட்டேன். திருகும் திசையில்தான் எல்லோருக்கும் குழப்பம். தலைகீழாக நிற்கும் சைக்கிளில், திருக வேண்டிய நிப்பிளை எப்போதும் வீலின் உச்சிக்குக் கொண்டுவந்து, டயர் பக்கமிருந்து மேலிருந்து பாருங்கள். கடிகார முள் திசையில் சுற்றினால் இறுகும், எதிர்த்திசையில் தளரும். ஒரே இடத்தில் வைத்துச் செய்தால் கை பழகிவிடும். வீலின் அடியில் வைத்துத் திருகப் போனால் எல்லாம் தலைகீழாகிவிடும்.

தளர்ந்த இரண்டுக்கும் முதலில் அரைச் சுற்று. சுற்றிப் பார்த்தால் விலகல் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. அதற்குப் பிறகு கால் சுற்று மட்டும்தான். ஒரு முழுச் சுற்று என்பது கம்பி அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நகர்வது. சின்னதாகத் தோன்றும், ஆனால் இறுகிய கம்பியில் அது ரொம்பப் பெரிய மாற்றம். இரண்டும் மற்றவை போலவே ஒலிக்க ஆரம்பித்த பிறகும் ஒரு மில்லிமீட்டர் விலகல் மிச்சம் இருந்தது. அந்த இரண்டையே இன்னும் இறுக்கத்தான் கை போகும், போகவிடக் கூடாது. அக்கம்பக்கத்தில் இருக்கும் செயின் பக்கக் கம்பிகளைக் கால் சுற்று இறுக்கி, நடுவில் இருக்கும் எதிர்ப்பக்கக் கம்பிகளைக் கால் சுற்று தளர்த்தினேன். இறுக்கிக்கொண்டே போனால் ரிம் அந்த இடத்தில் உள்ளேயும் இழுபட்டு வட்டம் கெடும். ஒரு பக்கம் இறுக்கி மறுபக்கம் அதே அளவு தளர்த்தினால் வட்டம் அப்படியே இருக்கும்.

இறுகிய கம்பியில் நிப்பிளைத் திருகும்போது கம்பியும் கூடவே முறுக்கிக்கொள்ளும். அதனால் கால் சுற்று வேண்டுமென்றால் கொஞ்சம் தாண்டித் திருகிவிட்டு அந்தக் கொஞ்சத்தைத் திருப்பிவிடுவேன். கடைசியில் பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளை ஜோடி ஜோடியாகக் கையால் பிடித்து நசுக்கினால் மிச்ச முறுக்கு 'டிக்' என்று விடுபடும். நசுக்கிய பிறகு மறுபடி சுற்றிப் பார்க்க வேண்டும், லேசாக மாறியிருக்கும். அரை மில்லிமீட்டருக்குள் வந்ததும் நிறுத்திக்கொண்டேன். அதற்குக் கீழே போக ஆசைப்பட்டால் பொழுது போகும், சைக்கிள் ஓட்டுவதில் வித்தியாசம் தெரியாது. அந்த வீல் அன்றிலிருந்து இன்றுவரை உரசவில்லை.

அடுத்தது ஒரு முன்வீல், கதை வேறு. ஒரு குழியில் விழுந்து எழுந்த பிறகு ஆட ஆரம்பித்தது. கடையில் கொடுத்துக் கோட்டம் எடுத்தேன், நேராகத்தான் திரும்பி வந்தது. சில வாரங்களில் மறுபடி அதே இடத்தில் ஆட்டம். இந்த முறை நானே உட்கார்ந்து கம்பிகளைச் சுண்டினேன். விலகல் மூன்று கம்பி அகலத்துக்குள் சட்டென்று வந்து சட்டென்று முடிந்தது. ரிம் எந்தப் பக்கம் போயிருந்ததோ அதே பக்கத்துக் கம்பி தளர்ந்து தொங்கியது. எதிர்ப்பக்கத்துக் கம்பிகள் இரண்டும் வீலிலேயே மிக உயர்ந்த ஒலியில் கத்தின.

இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். எதிர்ப்பக்கக் கம்பிகள் ஏற்கெனவே முழு மூச்சில் ரிம்மைத் திரும்ப இழுக்கின்றன, இந்தப் பக்கத்தில் இழுப்பதற்கு ஆளே இல்லை. அப்படியும் ரிம் வரமாட்டேன் என்கிறது. அப்படியானால் ரிம்மின் உலோகமே அந்த வடிவத்துக்கு மாறிவிட்டது. இதில் இன்னும் இறுக்கினால் வீல் நேராகத் தெரியலாம், ஆனால் தொங்கும் கம்பியின் நிப்பிள் ஓடும்போது தானாகக் கழன்றுகொண்டே போகும், பாரத்தைச் சுமக்கும் மற்ற கம்பிகள் ஹப் அருகில் வளையும் இடத்தில் ஒருநாள் அறுந்துவிடும். கடையில் நேராக்கிய வீல் சில வாரங்களில் திரும்பிப்போனதற்குக் காரணமும் இதுதான்.

உறுதிசெய்ய ஒரு சோதனை உண்டு. அந்த இடத்தில் இருக்கும் ஏழெட்டுக் கம்பிகளை இரண்டு மூன்று சுற்று தளர்த்திவிட்டுச் சுற்றிப் பார்த்தேன். கம்பியின் பிடி இல்லாதபோது நல்ல ரிம் ஏறக்குறைய நேராகிவிடும். இது நெளிந்தே நின்றது. டயரைக் கழற்றி ரிம்மின் ஓரத்தில் விரலை ஓட்டியதில் இன்னொன்றும் பிடிபட்டது. அதே இடத்தில் ஓரம் கொஞ்சம் உள்வாங்கி, பக்கச் சுவர் வெளியே புடைத்திருந்தது. பிரேக் பிடிக்கும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் கையில் ஒரு துடிப்பு வந்தது இந்தப் புடைப்பினால்தான். பக்கச் சுவரின் புடைப்பை எந்தக் கம்பியாலும் எடுக்க முடியாது. நிப்பிள் துளைகளைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள். இருந்தால் நேராக்கும் பேச்சே வேண்டாம், அந்த ரிம்மில் ஓட்டக் கூடாது.

லேசான நெளிவைக் கம்பியைத் தளர்த்திவிட்டுக் கையாலும் முழங்காலாலும் அழுத்தி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவசரத்துக்கு வீடு வந்து சேர அது போதும். முன்வீலில் அப்படிச் சரிக்கட்டி வேகமாக ஓட்ட எனக்கு விருப்பமில்லை. ரிம்மை மாற்றினேன்.

மாற்றுவது நினைத்த அளவு கஷ்டம் இல்லை. துளை எண்ணிக்கையும் உள்விட்டமும் பழையதோடு ஒத்துப்போகும் ரிம் கிடைத்தால் பழைய கம்பிகளையே பயன்படுத்தலாம். வால்வு துளைகள் நேருக்கு நேர் வரும்படி புது ரிம்மைப் பழைய ரிம்மோடு சேர்த்து டேப் ஒட்டினேன். முதலில் எல்லாக் கம்பியையும் தளர்த்தி, ஒவ்வொன்றாகக் கழற்றிப் பக்கத்துத் துளைக்கு மாற்றிக்கொண்டே வந்தேன். பின்னல் மாறுமோ என்ற கவலையே இல்லை. மாட்டுவதற்கு முன் துளைகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு ரிம்மிலும் அது ஒரே மாதிரி வர வேண்டும், இல்லையென்றால் ரிம்மைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். பிறகு எல்லா நிப்பிளும் ஒரே அளவு மரை மறையும் வரை திருகி, அதற்கு மேல் வீலைச் சுற்றி வந்து அரை அரைச் சுற்றாக இறுக்கினேன். நெளிவில்லாத ரிம் என்பதால் எல்லாக் கம்பியும் ஏறக்குறைய ஒரே ஒலிக்கு வந்தபோதே வீலும் பெரும்பாலும் நேராகியிருந்தது. முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு இரண்டு கம்பிகளுக்குக் கால் சுற்று தேவைப்பட்டது. புதிதாகப் பின்னிய வீலில் அது எதிர்பார்க்க வேண்டியதுதான்.