பழைய எண்ணா, கைப்பேசி எண்ணா, புதுப் பதிவா: தில்லியில் மருத்துவமனை முன்பதிவு

எய்ம்ஸ் உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளுக்கான ors.gov.in தளமானாலும் தனியார் மருத்துவமனையின் செயலியானாலும், ஏற்கெனவே அங்கே சிகிச்சை பெற்ற ஒருவருக்கு முன்பதிவு செய்யும்போது பொதுவாக மூன்று வழிகளில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கிறோம். அந்த மருத்துவமனை முன்பு தந்த நோயாளி எண்ணான பழைய யு.எச்.ஐ.டி. எண்ணை இடலாம், கைப்பேசி எண்ணைக் கொடுத்து ஓ.டி.பி. மூலம் உள்ளே போகலாம், அல்லது புது நோயாளியாகப் பதியலாம்.

மூன்றில் எளிதாகத் தெரிவது புதுப் பதிவு; தமிழர்களுக்கு மிகுந்த தொல்லை தருவதும் அதுவே. என் அம்மா கும்பகோணத்திலிருந்து வந்தபோது, பழைய சீட்டு கையில் இல்லாததால் ஆதாரில் உள்ளபடி தலைப்பெழுத்தோடு பெயரைப் பதிந்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதே மருத்துவமனையில் அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்து எழுதியிருந்தார்கள். கணினிக்கு அந்த இரு பெயர்களும் இரு வேறு நபர்கள். மருத்துவரின் திரையில் பழைய கிரியாட்டினின் அளவோ, சல்ஃபா மருந்து ஒவ்வாமைக் குறிப்போ வரவில்லை. அம்மாவே சொன்னதால்தான் அந்த மருந்து தவிர்க்கப்பட்டது. இரு எண்களையும் இணைக்க, அடையாள அட்டையோடு மருத்துவப் பதிவேட்டுப் பிரிவுக்கு நேரில் போக வேண்டியிருந்தது.

கைப்பேசி வழியில் எண்ணை நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் பிள்ளையின் ஒரே எண்ணில் அம்மா, அப்பா, மாமியார் மூவரும் இருப்பார்கள் என்பதால், பட்டியலில் பெயரோடு வயதையும் பார்த்துத் தொட வேண்டும். பழைய கைப்பேசி எண்ணை விட்டுவிட்டவர்களுக்கு ஓ.டி.பி.யே வராது.

ஆகவே பழைய எண்ணையே முதலில் தேடுங்கள் என்பேன். ஓ.பி. சீட்டில் பல எண்கள் இருக்கும். ஒவ்வொரு வருகைக்கும் மாறுவது வருகை எண் அல்லது ரசீது எண், இரண்டு சீட்டுகளை அருகருகே வைத்தால் மாறாமல் நிற்பதே நோயாளி எண். அது அந்த மருத்துவமனைக்கு மட்டுமே செல்லும். நாடு முழுவதற்குமான உடல்நலக் கணக்குக்குரிய பதினான்கு இலக்க ஆபா எண் அதற்கு மாற்று அன்று.

வருகைக்கான காரணத்தைக் கேட்கும் இடத்தில் 'செக்கப்' என்று எழுதுவதற்கும் அறிகுறியை எழுதுவதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. அம்மாவுக்கு முதலில் 'சர்க்கரை, மறுபரிசோதனை' என்று எழுதியதால் குறுகிய நேரமே ஒதுக்கினார்கள். அடுத்த முறை, 'பத்து நாளாக இரு கால்களிலும் வீக்கம், சிறுநீர் குறைவு, இன்சுலின் போடுகிறார்' என்று எழுதினேன்; அன்று மாலையே மருத்துவமனையிலிருந்து அழைத்து, சிறுநீரகப் பிரிவுக்கு மாற்றி, இரத்தப் பரிசோதனை முடிவோடு வரச் சொன்னார்கள். நோயின் பெயரை நாமே முடிவு செய்யாமல் என்ன, எங்கே, எத்தனை நாள் என்று எழுதினால், எந்தப் பிரிவு என்பதை அவர்களால் தீர்மானிக்க முடிகிறது. நெஞ்சுவலியையும் மூச்சுத்திணறலையும் மட்டும் அந்தக் கட்டத்தில் எழுதிவிட்டுக் காத்திருக்கக் கூடாது. நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.