பட்டமளிப்புக்குப் போகாத மாமாவுக்குக் கவுனும் தொப்பியும்: GIMP-இல் பல வருட அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் வீட்டிலிருந்தே பழைய படங்களைச் சரிசெய்து கொடுக்கிறேன். எல்லாம் GIMP என்ற படத்திருத்த மென்பொருளில்தான். 2018-இல் 2.10 பதிப்பு வந்த காலத்தில் ஆரம்பித்தது, இப்போது 3.0-இல் ஓடுகிறது. கிழிந்த படம், மங்கிய படம் எல்லாம் வரும். இந்தப் பதிவு அதிகம் கேட்கப்படும் ஒரு வேலையைப் பற்றி மட்டும்: படிப்பை முடித்து, விழாவுக்குப் போக முடியாதவரின் படத்தில் கவுனும் தொப்பியும் சேர்ப்பது. 2020-இல் விழாக்கள் இணையத்திலேயே முடிந்துபோன பிறகு இப்படிக் கேட்டு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள்.

இந்த மென்பொருள் இதற்குப் போதுமா என்று கேட்டால், போதும். வேலையின் முக்கால் பங்கு கணினிக்கு வெளியே இருக்கிறது என்பதைச் சேர்த்துத்தான் அதைச் சொல்ல முடியும். என் மாமாவின் படத்தை வைத்தே விளக்குகிறேன்.

மாமா 1974-இல் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. முடித்தவர். இந்தியர்களுக்கென்று நிறவெறி அரசு தனியாக வைத்த பல்கலைக்கழகம் அது. 1961-இல் துறைமுகத்திலிருந்த சாலிஸ்பரி தீவில் கல்லூரியாகத் தொடங்கி, 1972-இல் வெஸ்ட்வில்லுக்கு வந்தது. அந்த அரசின் ஆட்கள் உட்கார்ந்திருக்கும் மேடையில் ஏற மாட்டேன் என்று அவர் விழாவுக்குப் போகவில்லை. சான்றிதழ் பிறகு தபாலில் வந்தது. அதே வருடம் ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று இருக்கிறது: வெள்ளைச் சட்டை, அகலமான டை, அந்தக் காலத்துப் புசுபுசு முடி. பேத்திக்கு அதில் கவுன் வேண்டும்.

முதலில் மாமாவிடம்தான் கேட்டேன். தானே வேண்டாம் என்று விட்ட ஒன்றை அவர் முகத்தின் மேல் நாம் பாட்டுக்குப் போட்டுவிட முடியாது. அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "கவுன் போடுப்பா. படிச்சது நான்தானே. ஆனா மேடை, திரைச்சீலை, கையில சுருள், அதெல்லாம் வேண்டாம்" என்றார். ஆக, ஸ்டூடியோவின் பழைய பின்னணி அப்படியே இருக்க வேண்டும். வேலைக்கும் இது நல்லதாகப் போயிற்று. பின்னணியை மாற்றினால் ஓர வெட்டு எல்லாப் பக்கமும் தெரியும். மாற்றாவிட்டால் தோளையும் தலையையும் கவனித்தால் போதும்.

அடுத்தது, எந்தக் கவுன்? அந்தப் பல்கலைக்கழகம் 2004-இல் நேட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகம் ஆகிவிட்டது. இன்றைய கவுனை வாடகைக்கு எடுத்துப் போட்டால் அது வேறு நிறுவனத்தின் உடை. மாமாவோடு படித்த ஒருவரின் வீட்டில், அதே வருடம், அதே பட்டத்துக்கு எடுத்த விழாப் படம் கிடைத்தது. கவுன் கையின் வெட்டு, பட்டத்தைக் காட்டக் கழுத்தைச் சுற்றி முதுகில் தொங்கும் ஹூட் என்ற துணி கழுத்தில் விழும் விதம், ஹூட்டின் உள்துணி எவ்வளவு வெளிர் சாம்பலாகத் தெரிகிறது, இந்த மூன்றையும் அதிலிருந்து எடுத்துக்கொண்டேன். கறுப்பு வெள்ளையில் நிறம் தெரியாவிட்டாலும், பக்கத்துச் சட்டையோடு ஒப்பிட்டு அந்தச் சாம்பலின் அளவைப் பிடித்துவிடலாம். வண்ணப் படமாக இருந்தால் இந்த இடத்தில் இன்னும் கறாராக இருக்க வேண்டும். ஹூட் நிறம் பட்டத்துக்குப் பட்டம், பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். தவறான நிறம் போட்டால் படித்தவருக்கு முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும்.

இணையத்தில் தலை இல்லாத கவுன் படங்கள் இலவசமாகக் கிடைக்கும். நான் அவற்றைத் தொடுவதே இல்லை. நேராகப் பார்த்து நிற்கிற உடம்பு, எல்லாப் பக்கமும் சமமான வெளிச்சம்; எந்த முகத்தோடும் அது ஒட்டாது. அதற்குப் பதில் அதே உடல்வாகு உள்ள ஒருவருக்குக் கவுனை மாட்டி நானே படம் எடுக்கிறேன். மாமாவுக்கு என் தம்பி நின்றான். பழைய படத்தில் மூக்கின் நிழல் எந்தப் பக்கம் சாய்கிறது, கண்ணில் வெளிச்சப் புள்ளி எங்கே இருக்கிறது என்று பார்த்தால் விளக்கு நின்ற இடம் தெரிந்துவிடும். மாமா படத்தில் வெளிச்சம் நமக்கு இடப்பக்க மேலிருந்து வந்தது. தம்பியை ஜன்னலுக்கு அந்தக் கோணத்தில் நிறுத்தி, மறுபக்கம் வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டேன். ஃபோனை அவன் கண் உயரத்தில் பிடித்து, இரண்டு மீட்டராவது தள்ளி நின்று, ஜூம் செய்து எடுத்தேன். கிட்டே போனால் தொப்பியின் முன்மூலை பெரிதாகிக் கெட்டுவிடும். கேமரா மேலே இருந்தால் தொப்பியின் மேல்தட்டு தெரியும். கண் உயரத்தில் எடுத்த முகத்தின் மேல் அதை வைத்தால் தலையில் தாம்பாளத்தை வைத்தது போல இருக்கும்.

இனி GIMP. பழைய படத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தேன். அஞ்சலட்டை அளவுப் படம் என்பதால், எட்டுக்குப் பத்து அங்குலத்தில் அச்சிட அது போதும். தம்பியின் படத்தை மேலே இன்னொரு லேயராக வைத்து, இரண்டு பேருடைய கருவிழிகளும் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி Unified Transform கருவியால் அளவையும் சாய்வையும் சரிசெய்தேன். கருவிழிகளுக்கு நடுவில் உள்ள தூரம் பெரியவர்களிடம் அதிகம் மாறுவதில்லை, சுமார் 63 மில்லிமீட்டர். அதனால் அதுதான் என் அளவுகோல். தொப்பிப் பலகை ஏறக்குறைய ஒன்பதரை அங்குலச் சதுரம், மூலை முன்னால் வரும்படி அணிவது வழக்கம். அப்படி அணிந்தால் நாம் பார்க்கும் அகலம் அதன் மூலைவிட்டம். கருவிழி இடைவெளியைப் போல ஐந்து மடங்குக்குக் கொஞ்சம் மேலே வரும். கடைகளில் செய்து தரும் பல படங்களில் இது நான்கு மடங்குகூட வராது. ஏதோ சரியில்லை என்று தோன்றும், எது என்று சொல்லத் தெரியாது. அளந்து பார்த்தால் தொப்பி சின்னதாக இருக்கும்.

இந்த Unified Transform-ஐ ஒரே தடவையில் முடிக்கப் பாருங்கள். ஒவ்வொரு முறை உறுதிசெய்யும்போதும் புள்ளிகள் மறுபடி கணக்கிடப்படுவதால் துணியின் நெசவு கரைந்துகொண்டே போகும். 3.0-இலும் இது மாறவில்லை.

கவுன் சுலபம். லேயரில் வேண்டிய இடத்தை மட்டும் மறைக்கும் லேயர் மாஸ்க் போட்டு, மாமாவின் கழுத்து, சட்டைக் காலர், டை மூன்றையும் திறந்துவிட்டு, மற்ற இடத்தில் தம்பியின் கவுன் தெரியும்படி விட்டேன். தோள் கொஞ்சம் உயரமாக இருந்தது, Warp Transform கருவியால் கீழே தள்ளினேன். பெரிய படத்தில் இந்தக் கருவி மெதுவாகத்தான் நகரும். பொறுமை வேண்டும்.

கஷ்டம் தொப்பியில். முதலில் முடி. தொப்பி வைத்தால் உச்சிமுடி அமுங்கும். படத்தில் உள்ள புசுபுசு முடி அப்படியே இருக்க, மேலே தொப்பியை ஒட்டினால் முடி இரண்டு பக்கமும் பலகை வரை எழும்பி நிற்கும். தொப்பியின் அடிவிளிம்புக்கு மேலே பிதுங்கும் முடியைப் பின்னணியால் Clone செய்து அழித்து, காதுக்கு மேலே மட்டும் கொஞ்சம் விட்டேன். அந்த முடியின் ஓரத்தை மெல்லிய தூரிகையால் இழை இழையாக மாஸ்க்கில் வரைய வேண்டும். இங்கே அவசரப்பட்டால் வெட்டியது தெரிந்துவிடும்.

அப்புறம் நெற்றி. ஸ்டூடியோ விளக்கில் மாமாவின் நெற்றி பளபளவென்று இருக்கிறது. தொப்பி போட்ட நெற்றி அப்படி இருக்காது, பலகையின் நிழல் அதன் மேல் விழும். ஒட்டுப்போட்ட படமா என்று பார்க்க நான் முதலில் பார்ப்பது இந்த நெற்றியைத்தான். முதலில் நெற்றியின் பளபளப்பை மட்டும், வெளிச்ச அளவை மாற்றும் Curves-ஆல் இறக்கினேன். பிறகு புதிய லேயர், கீழே உள்ளதை இருட்டாக்கும் Multiply மோடில். முகத்தின் நிழல் பக்கத்திலிருந்து எடுத்த சாம்பல் நிறத்தால் தொப்பியின் ஓரத்திலிருந்து புருவத்துக்குச் சற்று மேல்வரை பூசினேன். தொப்பியைத் தொடும் இடத்தில் நிழல் கூர்மையாகவும், கீழே இறங்க இறங்க மங்கலாகவும் இருக்க வேண்டும். ஒரே Gaussian Blur எல்லா இடத்தையும் ஒரே மாதிரி மங்கலாக்கும் என்பதால் இரண்டு லேயர்களில் இரண்டு அளவாகச் செய்தேன்.

3.0-க்கு மாறியதில் எனக்குப் பெரிய ஆறுதல் இங்கேதான். முன்பெல்லாம் மங்கலை ஒருமுறை போட்டால் போட்டதுதான். லேயரை நகல் எடுத்து வைத்துக்கொண்டு வேலை செய்வேன். இப்போது ஃபில்டர் லேயரோடு தனியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. மறுநாள் காலையில் புதுக் கண்ணோடு பார்த்து, நிழல் அதிகம் என்று தோன்றினால் அந்த எண்ணை மட்டும் குறைக்கலாம். XCF கோப்பாகச் சேமித்தால் மூடித் திறந்த பிறகும் அது அப்படியே இருக்கும்.

கடைசியாகக் கறுப்பு. புது ஃபோன் படத்தின் கறுப்பும் ஐம்பது வருடப் பழைய அச்சின் கறுப்பும் ஒன்றல்ல. மாமா படத்தில் மிக இருண்ட இடம் அவர் தலைமுடி, பூஜ்யம் முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை என்ற கணக்கில் அதுவே 35 என்று காட்டியது. கவுனோ கிட்டத்தட்ட பூஜ்யம், படத்தில் ஓட்டை விழுந்தது போல நின்றது. Curves-இல் இடது முனையை மேலே தூக்கிக் கவுனின் கறுப்பையும் 35-க்குக் கொண்டுவந்தேன். கூடவே லேசான மங்கல், அதன் மேல் பழைய படம் போலப் பொடி சேர்க்கும் RGB Noise. அதில் Independent RGB என்ற கட்டத்தை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பும் பச்சையுமாகப் பொட்டுப் பொட்டாக வரும். படத்தை நூறு சதவீதத்தில் வைத்து, கன்னத்தின் பொடியும் கவுனின் பொடியும் ஒன்றாகத் தெரிகிறதா என்று பார்த்து நிறுத்தினேன்.

குறை என்று சொன்னால், GIMP தானாகச் சேமிக்காது. மின்வெட்டு உள்ள நம் ஊரில் இது சின்னக் குறை இல்லை. மேசைக் கணினியில் வேலை செய்கிறவர்கள் ஒவ்வொரு மாஸ்க்குக்கும் பிறகு Ctrl+S அடித்துவிடுங்கள். கவுனின் மடிப்புகளை வளைப்பதில் இன்னும் லாவகம் வேண்டும் என்றும் தோன்றும்.

படத்தை மேட் தாளில் அச்சிட்டேன். பளபளப்புத் தாள் பழைய படத்துக்குச் சேராது, கறுப்பையும் மறுபடி ஆழமாக்கிவிடும். பின்பக்கம் பென்சிலால், அசல் படம் 1974, கவுனும் தொப்பியும் பிறகு சேர்த்தவை என்று எழுதிக் கொடுத்தேன். யாருக்குச் செய்தாலும் இப்படி எழுதித்தான் கொடுக்கிறேன், சான்றிதழைப் பார்த்த பிறகுதான் வேலையையே எடுக்கிறேன். அசல் ஸ்கேனும் தனிக் கோப்பாகக் கூடவே போகும். மாமா இரண்டையும் சட்டம் போட்டு வாங்கிவரச் சொல்லியிருக்கிறார்.