40 சாரி, 600 பேர்: கூடையில் பிடிப்பதா, பணம் கட்டும்போது பிடிப்பதா?

மருதமுனைக் கைத்தறிச் சாரி 40 இருக்கிறது, பெருநாளுக்கு முந்தின வாரம் இரவு 8 மணிக்கு இணையத்தில் விற்பனை என்று வைப்போம். 600 பேர் காத்திருக்கிறார்கள். ஒரு சாரியை எந்தக் கட்டத்தில் ஒருவர் பெயரில் பிடித்து வைப்பது?

பணம் கட்டி முடித்தவருக்கே சாரி என்பது ஒரு வழி. கடைக்காரருக்குச் சுகம், சரக்கு முடங்காது. ஆனால் 600 பேரும் ஒரே நேரத்தில் வங்கிப் பக்கத்துக்குப் போவார்கள். அட்டையில் காசு போன பிறகு "முடிந்துவிட்டது" என்று வந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும். டெபிட் அட்டை என்றால் அந்தக் காசு கணக்குக்குத் திரும்பச் சில நாள் எடுக்கும். பெருநாள் நேரத்தில் அதைவிடப் பெரிய ஏச்சு வேண்டாம்.

கூடையில் போட்டவுடனே பிடிப்பது மற்ற வழி. வரிசை இல்லாமல் இதைச் செய்தால் பொட் எனும் தானியங்கி நிரல் 40 சாரியையும் ஒரு நொடியில் கூடையில் போட்டுவிடும். வாங்கவே தேவையில்லை, மற்றவர்களைத் தடுத்தால் போதும். வரிசை வைத்து, மீதியிருக்கும் சாரி எத்தனையோ அத்தனை பேரை மட்டும் உள்ளே விட்டால் இதுதான் நல்ல வழி. பிடிப்பதை ஒரே கட்டளையில் செய்யுங்கள்:

```sql
UPDATE stock SET qty = qty - 1 WHERE id = 7 AND qty > 0;
```

ஒரு வரியும் மாறவில்லை என்றால் சரக்கு இல்லை. முதலில் எண்ணிப் பார்த்து அப்புறம் கழித்தால், இடையில் இன்னொருவர் புகுந்து 41வது சாரியும் விற்றுவிடும்.

எவ்வளவு நேரம் பிடிப்பது? 3 நிமிடம் என்றால் வங்கியின் ஓடிபி வந்து சேருமுன் கூடை காலியாகிவிடலாம். 10 நிமிடம் வைத்து, முதல் 40 பேரில் 12 பேர் விட்டுப்போனால், அந்த 12 சாரி அடுத்த சுற்றுக்கு வரும். அதே விகிதத்தில் அடுத்து 4, பிறகு 1. அப்படிப் போனால் சுமார் 40 நிமிடத்தில் முடிந்துவிடும். வங்கிப் பக்கத்துக்குப் போனவருக்கு ஒரே ஒரு தடவை 5 நிமிடம் கூட்டிக் கொடுத்தால் சுற்றுகள் சற்று நீளும், ஆனால் காசு போய் சாரி இல்லாத நிலை மிகவும் குறையும்.

வரிசையில் முந்தி வந்தவருக்கே முதல் இடம் என்றால் பொட்டுக்குத்தான் கொண்டாட்டம். 8 மணிக்குள் வந்த எல்லாரையும் குலுக்கி இடம் கொடுத்தால் வேகத்துக்கு மதிப்பில்லை. ஆயிரம் பெயரில் வருவதைத் தடுக்க, தொலைபேசி எண்ணுக்கு ஓடிபி அனுப்பி, ஓர் எண்ணுக்கு ஓர் இடம் என்று வையுங்கள். ஐபி முகவரியைப் பார்த்துத் தடுப்பது எனக்குச் சரிப்படாது. மொபைல் டேட்டாவில் பலர் ஒரே முகவரியில் வருவார்கள், கல்முனையில் பாதிப் பேர் வெளியே நிற்பார்கள். பொருள் கையில் கிடைத்ததும் காசு என்ற முறையையும் அன்றைக்கு நிறுத்துங்கள், பொய் ஓடருக்கு அதில் செலவே இல்லை.

பதிவேட்டில் ஓர் எண்ணின் பிடிப்பு சரியாக 10 நிமிடத்தில் காலாவதியாகி, அடுத்த நொடியே அதே எண் மறுபடி பிடித்திருந்தால் அது பெரும்பாலும் பொட். காலாவதியான எண்ணை வரிசையின் கடைசிக்கு அனுப்பும் விதி போட்டால், அதற்கு அன்றைக்கு இன்னொரு முறை கிடைப்பது அரிது.